மீட்டரில் 112, கையில் 40

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுத் திரும்புவதற்குள் அக்கா பையன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான்.

"மாமா, இதைக் கொஞ்சம் பாருங்க. மீட்டர் 112 காட்டுது. கண்ணுக்கு நல்லா வழுக்கிட்டுப் போகுது. ஆனா மவுஸைத் திருப்புனா கையில அந்த வேகமே இல்ல. முன்னாடி 40 ஓடுனப்ப எப்படி இழுத்துச்சோ அப்படியேதான் இழுக்குது."

ஓடிக்கொண்டிருந்தது சைபர்பங்க் 2077. 1080p, 144 ஹெர்ட்ஸ் திரை, ரே டிரேசிங் போட்டிருந்தான். எல்லா உதவியையும் அணைத்தால் நொடிக்கு 40 ஃபிரேம். அப்ஸ்கேலிங்கை 'குவாலிட்டி'யில் வைத்து, கூடவே ஃபிரேம் ஜெனரேஷனையும் போட்டால் 112. கிட்டத்தட்ட மூன்று மடங்கு. ஆனால் கை அதை ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறது.

அவன் கை சொன்னது முழுக்க உண்மை. அதை அவனுக்குப் புரியவைக்க ஒரு நோட்டுப் பக்கமும் முக்கால் மணி நேரமும் ஆனது. அந்தப் பக்கத்தைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். மெனுவில் இந்த இரண்டு வசதிகளும் அடுத்தடுத்த வரியில் இருக்கின்றன. டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் என்று ஒரே பெயரின் கீழேயே இரண்டும் வருகின்றன. அதனால் இரண்டும் ஒரே வேலையைச் செய்வதாகத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். படத்தைப் பொறுத்தவரை இரண்டும் உறவுக்காரர்கள்தான். தாமதத்தைப் பொறுத்தவரை ஒன்று கிழக்கே போனால் மற்றது மேற்கே போகிறது.

முதலில் அப்ஸ்கேலிங்.

1080p திரையில் 20.7 லட்சம் பிக்சல்கள் இருக்கின்றன. ஒவ்வொரு பிக்சலுக்கும் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, நிழல் விழுகிறதா, கண்ணாடியில் எது தெரிகிறது என்று கார்டு கணக்குப் போட வேண்டும். 'குவாலிட்டி'யில் வைத்தால் கேம் 1280×720 அளவில்தான் வரைகிறது. அதாவது 9.2 லட்சம் பிக்சல், மொத்தத்தில் 44 சதவீதம். மீதியை நிரப்பித் திரை அளவுக்குக் கொண்டுவருவதுதான் அப்ஸ்கேலர் வேலை.

எதை வைத்து நிரப்புவது? இங்கேதான் கதை இருக்கிறது. 2021இல் வந்த எஃப்எஸ்ஆர் 1 கையில் இருக்கிற ஒற்றைப் படத்தை மட்டும் பார்த்து, ஓரங்களைக் கண்டுபிடித்துப் பெரிதாக்கிக் கூர்மை ஏற்றியது. டிஎல்எஸ்எஸ் முதல் பதிப்பு ஒவ்வொரு கேமுக்கும் தனித்தனியாகப் பயிற்சி கொடுத்த நியூரல் நெட்வொர்க்கை வைத்து, இல்லாத விவரத்தை ஊகித்தது. அதன் படம் மங்கலாக இருக்கிறது என்று அப்போது நிறையப் பேர் குறைப்பட்டார்கள். படத்தில் பதிவாகாத ஒன்றை எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக ஊகித்தாலும் அது ஊகம்தான். 2020இல் வந்த டிஎல்எஸ்எஸ் 2, 2022இல் வந்த எஃப்எஸ்ஆர் 2, இன்டெலின் எக்ஸ்இஎஸ்எஸ் எல்லாமே வேறு வழிக்குத் திரும்பின. அவை விவரத்தை ஊகிப்பதைக் குறைத்துவிட்டு, பழைய ஃபிரேம்களிலிருந்து சேகரிக்க ஆரம்பித்தன.

வாசலில் கட்டியிருக்கும் மூங்கில் தட்டி வழியாகத் தெருவைப் பார்த்திருப்பீர்கள். தலையை அசைக்காமல் நின்றால் இடுக்குக்கு நேராக இருக்கும் துண்டுகள் மட்டும்தான் தெரியும். தலையைக் கொஞ்சம், ஒரு விரற்கடை, இப்படியும் அப்படியும் அசைத்தால் போதும். ஒவ்வொரு அசைவிலும் வேறு வேறு துண்டுகள் தெரிந்து, மனதில் முழுத் தெருவும் கூடிவிடும். கேமும் அதைத்தான் செய்கிறது. ஒரு பிக்சல் என்பது காட்சியில் ஒரு புள்ளியை மட்டும் தொட்டுப் பார்ப்பது. அந்தப் புள்ளி ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒரே இடத்தில் விழாதபடி, கேமராவை ஒரு பிக்சலுக்கும் குறைவான தூரம் நகர்த்தி நகர்த்தி வரைகிறார்கள். இதற்கு ஜிட்டர் என்று பெயர். எஃப்எஸ்ஆர் 2 குவாலிட்டியில் இப்படி 18 இடங்களைச் சுற்றிவிட்டு மறுபடி முதல் இடத்துக்கு வருகிறது. 'பெர்ஃபார்மன்ஸ்' நிலையில் 32 இடங்கள். நீங்கள் ஒரு சுவரைப் பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றால், கால் நொடி அரை நொடிக்குள் அந்தச் சுவரின் உண்மையான விவரம் 1080pக்கு வேண்டிய அளவுக்குச் சேர்ந்துவிடுகிறது. அது கற்பனை கிடையாது. உண்மையாகவே வரையப்பட்ட புள்ளிகளைச் சேர்த்து வைத்தது.

ஆனால் கேமில் யார் அசையாமல் நிற்கிறார்கள்? கார் ஓடுகிறது, ஆள் நடக்கிறான், கேமரா திரும்புகிறது. போன ஃபிரேமில் இங்கே இருந்த புள்ளி இந்த ஃபிரேமில் எங்கே போயிற்று என்று தெரியாமல் சேர்த்தால் எல்லாம் கலங்கிவிடும். அதற்காகக் கேம் ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒரு மோஷன் வெக்டரைக் கொடுக்கிறது. 'இந்தப் பிக்சலில் இருக்கும் பொருள் போன ஃபிரேமில் இத்தனை பிக்சல் இடப்பக்கம், இத்தனை மேலே இருந்தது' என்ற குறிப்பு அது. அப்ஸ்கேலர் அந்தக் குறிப்பைப் பிடித்துப் பின்னால் போய், சேர்த்து வைத்த பழைய நிறத்தை எடுத்து வருகிறது.

எடுத்து வந்த பிறகு ஒரு கேள்வி இருக்கிறது. படத்தரம் மொத்தமும் அந்தக் கேள்வியில்தான் நிற்கிறது: இந்தப் பழைய நிறத்தை நம்பலாமா?

ஒரு ஆள் தூணுக்குப் பின்னாலிருந்து வெளியே வருகிறான் என்றால், அவன் சட்டைக்குப் போன ஃபிரேமில் வரலாறே இல்லை. அந்த இடத்தில் தூண்தான் இருந்தது. அந்தத் தூணின் நிறத்தை நம்பிச் சேர்த்தால் அவனுக்குப் பின்னால் ஒரு நிழல் வால் இழுபடும். இதை கோஸ்டிங் என்பார்கள். சரி, சந்தேகம் வந்தால் பழையதைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்றால், அந்த இடத்தில் 720pயின் முரட்டுப் பிக்சல் மட்டும்தான் மிஞ்சும். ஓரங்கள் பொடிப்பொடியாகத் துடிக்கும். அதிகமாக நம்பினால் வால், குறைவாக நம்பினால் துடிப்பு. எஃப்எஸ்ஆர் 2 இந்த முடிவை மனிதர்கள் எழுதிய விதிகளை வைத்து எடுக்கிறது. பழைய நிறத்தைச் சுற்றியுள்ள இன்றைய பிக்சல்களின் நிற எல்லையோடு ஒப்பிட்டு, எல்லைக்கு வெளியே இருந்தால் உள்ளே இழுத்துவிடுகிறது. டிஎல்எஸ்எஸ் 2 அந்த முடிவைப் பயிற்சி பெற்ற நெட்வொர்க்கிடம் விட்டது. 2025இல் டிஎல்எஸ்எஸ் 4 அந்த நெட்வொர்க்கை டிரான்ஸ்ஃபார்மர் வகைக்கு மாற்றியது. அதே ஆண்டு எஃப்எஸ்ஆர் 4ம் நெட்வொர்க்குக்கு வந்துவிட்டது. எந்த அப்ஸ்கேலர் நல்லது என்று இரண்டு படங்களை அருகருகே வைத்துச் சண்டை போடுகிறவர்கள் பெரும்பாலும் இந்த ஒரு முடிவின் தரத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

எங்கே தோற்கிறது என்று பார்க்க ஆசைப்பட்டால் நின்று பார்க்காதீர்கள். நின்றால் எல்லாமே அழகாகத்தான் இருக்கும். ஒரு கம்பி வேலியை ஒட்டிப் பக்கவாட்டில் நடந்துகொண்டே பாருங்கள். சட்டென்று திரும்பி, திரும்பிய முதல் கணத்தில் திரையின் ஓரத்தைப் பாருங்கள். தூரத்து மின்கம்பிகளைப் பாருங்கள். ஒரு பிக்சலைவிட மெல்லிய கம்பி ஒரு ஃபிரேமில் அகப்படும், அடுத்ததில் அகப்படாது. அப்போதுதான் அந்த நம்பிக்கைக் கணக்கு தடுமாறுவது தெரியும். இன்னொன்று, மோஷன் வெக்டரே இல்லாத பொருட்கள். சைபர்பங்க் நகரம் முழுக்க ஓடும் விளம்பரத் திரைகள். பலகை அசையவில்லை, ஆனால் அதற்குள்ளே இருக்கிற எழுத்து ஓடுகிறது. பலகை நிற்கிறது என்றுதான் வெக்டர் சொல்லும். அதை நம்பி அப்ஸ்கேலர் பழைய எழுத்தையும் புது எழுத்தையும் ஒன்றாகக் கலக்கும். மழை, புகை, தீப்பொறி எல்லாவற்றுக்கும் இதே பிரச்சினை வரலாம்.

மெனுவில் உள்ள பெயர்களை நம்பியும் ஏமாறக்கூடாது. 'பெர்ஃபார்மன்ஸ்' என்றால் இரு பக்கமும் பாதிப் பாதி. 4கே திரையில் அது 1080pயில் வரைவது, அதாவது 20.7 லட்சம் உண்மைப் பிக்சல். 1080p திரையில் அதே பெயருக்கு அர்த்தம் 960×540, வெறும் 5.2 லட்சம். பெயர் ஒன்று, சமைக்கக் கிடைக்கிற சரக்கு நான்கில் ஒரு பங்கு. பெரிய டிவியில் பெர்ஃபார்மன்ஸில் வைத்து அருமையாக இருக்கிறது என்று யாராவது சொன்னால், அவர்கள் சொல்வது சரி. லேப்டாப் திரையில் அதையே செய்து பார்த்து முகம் சுளிக்கிறவரும் சரி. 1080p திரையில் குவாலிட்டிக்குக் கீழே இறங்க வேண்டாம் என்பது என் கருத்து.

இப்போது நேரக் கணக்கு. நோட்டில் பையனுக்கு எழுதிக் காட்டியது இது. கணக்கு எளிதாக வரட்டும் என்று சில எண்களை நானே வைத்துக்கொண்டேன். உங்கள் கார்டில் இவை மாறும், ஆனால் கணக்குப் போகும் வழி மாறாது.

நொடிக்கு 40 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேமுக்கு 25 மில்லிசெகண்ட். அதில் 20 பிக்சல் எண்ணிக்கையோடு ஏறி இறங்குகிற வேலை, 5 எந்த அளவில் வரைந்தாலும் மாறாத வேலை என்று வைத்துக்கொள்வோம். 720pக்கு இறங்கினால் அந்த 20 வந்து 8.9 ஆகிறது. மாறாத 5 அப்படியே. அப்ஸ்கேலர் தன் வேலைக்கு 1.5 எடுத்துக்கொள்கிறது. மொத்தம் 15.4. நொடிக்கு 65 ஃபிரேம். பிக்சல் பாதிக்கும் கீழே போயும் வேகம் இரண்டு மடங்கைத் தொடாததற்குக் காரணம் அந்த மாறாத 5ம் புதிதாக வந்த 1.5ம்தான்.

கைக்கு என்ன கிடைத்தது? ஒரு கிளிக் திரைக்கு வந்து சேரும் பாதையைப் பார்க்க வேண்டும். நீங்கள் கிளிக் செய்யும் கணத்தில் கேம் ஏதோ ஒரு ஃபிரேமின் நடுவில் இருக்கும். சராசரியாக அரை ஃபிரேம் நேரம் காத்திருக்க வேண்டும். பிறகு பிராசஸர் அந்தக் கிளிக்கை வைத்து உலகத்தைக் கணக்கிட 8 மில்லிசெகண்ட் என்று வைப்போம். பிறகு கார்டு வரைகிறது. பிறகு திரை காட்ட இன்னொரு 8.

அப்ஸ்கேலிங் இல்லாமல்: காத்திருப்பு 12.5, பிராசஸர் 8, வரைதல் 25, திரை 8. கூட்டினால் 53.5.

அப்ஸ்கேலிங்கோடு: காத்திருப்பு 7.7, பிராசஸர் 8, வரைதல் 15.4, திரை 8. கூட்டினால் 39.

14 மில்லிசெகண்ட் மிச்சம். மீட்டரில் ஏறிய வேகம் கைக்கும் வந்து சேர்ந்துவிட்டது. அப்ஸ்கேலிங் பழைய ஃபிரேம்களை மட்டும்தான் பார்க்கிறது. அவை ஏற்கெனவே கையில் இருக்கின்றன, எதற்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.

"சரி மாமா, இது 65. மீதி 47 எங்கிருந்து வந்துச்சு?"

அது ஃபிரேம் ஜெனரேஷன். 2022 அக்டோபரில் டிஎல்எஸ்எஸ் 3 கொண்டுவந்தது, அடுத்த ஆண்டு எஃப்எஸ்ஆர் 3ம் செய்தது. கேம் வரைந்த இரண்டு ஃபிரேம்களை எடுத்து, இரண்டுக்கும் நடுவில் காட்சி எப்படி இருந்திருக்கும் என்று ஒரு புதுப் படத்தைச் செய்து நடுவில் செருகுவது. மோஷன் வெக்டர் இங்கேயும் உதவுகிறது. வெக்டர் சொல்லாத நகர்வுகளை, அதாவது நிழல், பிரதிபலிப்பு போன்றவற்றை, இரண்டு படங்களையும் ஒப்பிட்டுப் பார்த்து எது எங்கே போனது என்று கண்டுபிடிக்கிறார்கள். இதற்கு ஆப்டிகல் ஃப்ளோ என்று பெயர்.

அந்த வாக்கியத்தில் 'நடுவில்' என்ற சொல்லைக் கவனியுங்கள். நடு என்று ஒன்று வேண்டுமானால் இரண்டு பக்கமும் வேண்டும். 10ஆவது ஃபிரேம் திரையில் இருக்கிறது. 11ஆவது வரைந்து முடிந்துவிட்டது. சாதாரணமாக அதை உடனே காட்டியிருப்பார்கள். இப்போது காட்ட முடியாது. முதலில் பத்தரையைச் செய்ய வேண்டும், அதைக் காட்ட வேண்டும், அது திரையில் தன் பங்கு நேரம் இருந்து முடிக்க வேண்டும். அதன்பிறகுதான் 11. அதாவது உங்கள் கிளிக்கைச் சுமந்துகொண்டு வந்த ஃபிரேம், வீட்டு வாசலுக்கு வந்த பிறகு திண்ணையில் உட்கார வைக்கப்படுகிறது. எவ்வளவு நேரம்? உண்மை ஃபிரேம் இடைவெளியில் சரிபாதி.

அந்த நடுப்படம் செய்யவும் கார்டுதான் உழைக்க வேண்டும். அதற்கு 2.5 மில்லிசெகண்ட் என்று வைத்தால், உண்மை ஃபிரேமின் இடைவெளி 15.4இலிருந்து 17.9 ஆகிறது. 65 என்று ஓடியது 56க்கு இறங்கிவிட்டது. அதை இரட்டித்தால் மீட்டரில் 112.

கிளிக்கின் பாதையை மறுபடி போடுவோம். காத்திருப்பு 9. பிராசஸர் 8. வரைதல் 15.4. நடுப்படம் செய்ய 2.5. திண்ணையில் 9. திரை 8. கூட்டினால் 52.

பையன் நோட்டைத் திருப்பித் தன் பக்கம் இழுத்து மூன்று எண்களையும் பார்த்தான். 53.5, 39, 52. அப்ஸ்கேலிங் சம்பாதித்துக் கொடுத்த 14இல் ஏறக்குறைய எல்லாவற்றையும் ஃபிரேம் ஜெனரேஷன் செலவழித்துவிட்டது. அவன் கைக்குக் கிடைத்தது பழைய 40தான்.

"அப்ப 112ங்கறது பொய்யா?"

பொய் என்று நான் சொல்லமாட்டேன். கண்ணுக்கு அது நிஜம். நம் எல்சிடி திரை ஒரு படத்தை அடுத்தது வரும்வரை அசைக்காமல் பிடித்து வைத்திருக்கிறது. ஆனால் ஓடும் காரைப் பின்தொடரும் கண் நிற்காமல் நகர்ந்துகொண்டே இருக்கிறது. நிற்கிற படமும் நகர்கிற கண்ணும் சேர்ந்தால் விழித்திரையில் தேய்மானம் விழுகிறது. ஒரு படம் எத்தனை நேரம் நிற்கிறதோ அத்தனை தேய்மானம். 15.4 மில்லிசெகண்ட் நின்றது 9 ஆகக் குறைந்ததால் ஓட்டம் தெளிவாகத் தெரிகிறது. அவன் 'வழுக்கிட்டுப் போகுது' என்று சொன்னது அதைத்தான். ஒரு வண்டியின் சவாரி மெத்தென்று ஆவதும் ஸ்டீயரிங் சொன்னதைக் கேட்பதும் வேறு வேறு விஷயங்கள். அந்த இரண்டையும் ஒரே எண்ணால் சொல்லப் பார்ப்பதுதான் குழப்பத்துக்குக் காரணம்.

இதிலிருந்து ஒரு விஷயம் தானாக விளங்கும். திண்ணையில் உட்காரும் நேரம் உண்மை ஃபிரேமின் இடைவெளியில் பாதி என்பதால், அடிப்படை வேகம் குறையக் குறையத் தண்டனை கூடும். 30 ஃபிரேமில் திணறுகிற கேமில் இதைப் போடுகிறோம் என்று வையுங்கள். போடாதபோது அதே கணக்கில் 66 மில்லிசெகண்ட். போட்டால் இடைவெளி 33.3இலிருந்து 35.8 ஆகும். மீட்டர் 56 காட்டும். தாமதம் 88ஐத் தொடும். உதவி மிகவும் தேவைப்படுகிற இடத்தில்தான் இந்த வசதி மிகவும் கெடுதல் செய்கிறது. உண்மை ஃபிரேம் 60ஐ ஒட்டியாவது இருந்தால்தான் இதைப் போடலாம் என்று அனுபவப்பட்டவர்கள் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

2025இல் டிஎல்எஸ்எஸ் 4 ஒன்றுக்குப் பதில் மூன்று நடுப்படங்கள் வரை செருக ஆரம்பித்தது. தாமதமும் இரண்டு மடங்காகிவிடும் என்று பலர் பயந்தார்கள். ஆகாது. மூன்று நடுப்படங்கள் என்றால் உண்மை ஃபிரேம் காத்திருப்பது இடைவெளியில் முக்கால் பங்கு. பாதிக்குப் பதில் முக்கால், அவ்வளவுதான். 17.9இல் அந்த வித்தியாசம் 4.5 மில்லிசெகண்ட். ஆனால் மீட்டருக்கும் கைக்கும் நடுவே இருக்கிற இடைவெளி இன்னும் அகலமாகிவிடுகிறது. 200க்கு மேல் காட்டும், கை 40க்கும் கீழே உணரும்.

படத்தில் என்ன கெடும்? அப்ஸ்கேலிங்கில் பார்த்த அதே தூண் பிரச்சினைதான். ஒரு ஆளுக்குப் பின்னாலிருந்து புதிதாக வெளிப்படும் சுவர் ஒரு படத்தில் இருக்கும், மற்றதில் இருக்காது. நடுப்படத்தில் அதைப் பாதி ஊகித்துத்தான் வரைய வேண்டும். தோளுக்குப் பின்னால் கேமரா இருக்கும் கேம்களில் வேகமாகத் திரும்பினால், நாயகனின் தலையையும் தோளையும் சுற்றி ஒரு கலங்கல் ஒட்டிக்கொண்டு வருவதைப் பார்க்கலாம். திரையில் இருக்கும் எழுத்துகளும் எண்களும் இன்னொரு பலவீனம். துப்பாக்கியில் மீதமுள்ள குண்டு 29 என்பது 28 ஆகும்போது நடுவில் இருபத்தெட்டரை என்று ஒன்று கிடையாது. கேம் தயாரித்தவர்கள் அந்த எழுத்துகளைத் தனி அடுக்காகக் கொடுத்திருந்தால் சுத்தமாக வரும், இல்லையென்றால் ஓரங்கள் நெளியும். அடிப்படை 60 என்றால் பழுதான படம் திரையில் 8 மில்லிசெகண்ட் மட்டும் இருந்துவிட்டு உண்மைப் படத்துக்கு வழிவிடும். கண் பெரும்பாலும் தப்பவிட்டுவிடும். 30 என்றால் பழுது 16 மில்லிசெகண்ட் நிற்கும், இரண்டு படங்களுக்கு நடுவிலுள்ள தூரமும் இரட்டிப்பு என்பதால் பழுதே பெரிதாக இருக்கும். படத்தரத்தைப் பார்த்தாலும் கையைப் பார்த்தாலும் விடை ஒன்றுதான்: குறைந்த வேகத்தில் இது உதவாது.

இந்த இடத்தில் 60 ஹெர்ட்ஸ் திரை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. விசிங்கும் போட்டு ஃபிரேம் ஜெனரேஷனும் போட்டால், திரையில் ஏறக்கூடியது 60தான். அதில் பாதி செய்யப்பட்ட படம். அப்படியானால் கேம் உண்மையில் 30இல் கட்டிப் போடப்பட்டிருக்கிறது. தனியாக 55 ஓடியிருக்கக்கூடிய கேமை 30க்கு இறக்கிவிட்டு, மீட்டரில் 60 பார்த்துத் திருப்திப்பட வேண்டிவரும். அந்தத் திரைக்கு இந்த வசதி வேண்டாம்.

விளம்பர வரைபடங்களில் இந்தத் தாமதம் பெரிதாகத் தெரியாததற்கு ஒரு காரணம் இருக்கிறது. கார்டு திணறும்போது பிராசஸர் அடுத்தடுத்த ஃபிரேம்களுக்கான வேலையை முன்கூட்டியே தயாரித்து வரிசையில் நிறுத்திவிடும். உங்கள் கிளிக் அந்த வரிசையின் வாலில் போய் நிற்கும். ஒரு ஃபிரேம் வரிசையில் நின்றாலே 40 ஓடும் கேமில் 25 மில்லிசெகண்ட் போச்சு. என்விடியாவின் ரிஃப்ளெக்ஸ், ஏஎம்டியின் ஆன்டி-லேக் போன்றவை பிராசஸரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லி அந்த வரிசையைக் காலி செய்கின்றன. டிஎல்எஸ்எஸ் ஃபிரேம் ஜெனரேஷனைப் போட்டால் ரிஃப்ளெக்ஸ் கூடவே வந்துவிடும். ஆகவே வரிசையோடு ஓடிய பழைய நிலையையும் வரிசை காலியான புது நிலையையும் ஒப்பிட்டால், தாமதம் குறைந்துவிட்டதாகக்கூடத் தெரியும். குறைத்தது ரிஃப்ளெக்ஸ். அதைத் தனியாகவே போட்டுக்கொள்ளலாம், படத்தில் எதுவும் கெடாது. நியாயமான ஒப்பீடு என்றால் இரண்டு பக்கமும் அது போட்டிருக்க வேண்டும். என் நோட்டுக் கணக்கில் மூன்று வரியிலும் வரிசை காலி என்றுதான் வைத்தேன்.

இவ்வளவு சொன்ன பிறகு ஃபிரேம் ஜெனரேஷன் எனக்குப் பிடிக்காது என்று நினைத்துவிட வேண்டாம். அதற்கென்று ஒரு இடம் இருக்கிறது, அங்கே வேறு எதுவும் அதன் வேலையைச் செய்யாது. மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய விமான நிலையத்தில் இறங்கும்போது திணறுவது பிராசஸர். கார்டு சும்மா இருக்கும். அங்கே அப்ஸ்கேலிங் போட்டால் ஒரு ஃபிரேம்கூட ஏறாது, ஏனென்றால் பிக்சலைக் குறைத்தால் கார்டின் சுமைதான் குறையும், பிராசஸருடையது குறையாது. ஃபிரேம் ஜெனரேஷனோ பிராசஸரிடம் எதுவும் கேட்காமல் கார்டுக்குள்ளேயே படத்தைச் செய்துவிடுகிறது. சும்மா இருக்கிற கார்டு என்பதால் அந்த 2.5ம் உண்மை ஃபிரேமிலிருந்து வெட்டப்படாது. விமானத்தைத் திருப்புவதற்கு 15 மில்லிசெகண்ட் கூடினால் யாருக்கும் தெரியாது. மெதுவாக நடந்து பார்க்கிற கேம்களில், கன்ட்ரோலர் பிடித்து ஆடும்போது, இதே நியாயம் பொருந்தும். கட்டைவிரலால் குச்சியைத் தள்ளும்போது தெரியாத இழுப்பு மவுஸில் தெரிந்துவிடும், ஏனென்றால் மவுஸ் கையின் நகர்வை அப்படியே காட்சியோடு கட்டிப் போடுகிறது.

காத்திருக்கவே முடியாத இடம் ஒன்றும் உண்டு. தலையில் மாட்டும் விஆர் கருவியில் காட்சி பின்தங்கினால் குமட்டும். அதனால் ஆக்யுலஸ் 2016இல் கொண்டுவந்த ஸ்பேஸ்வார்ப் நடுவில் செருகவில்லை. கடைசி இரண்டு ஃபிரேம்களின் நகர்வைப் பார்த்து, அது அப்படியே தொடரும் என்று எடுத்துக்கொண்டு அடுத்த படத்தை முன்னால் போய்ச் செய்தது. திண்ணைக் காத்திருப்பு இல்லை. பதிலுக்கு, பொருள் திடீரென்று திசை மாறினால் ஊகம் தவறிப் போய், ஓரங்கள் ரப்பர் மாதிரி இழுபடும். காலத்தை மிச்சம் பிடித்தால் படத்தில் கொடுக்க வேண்டும், படத்தை மிச்சம் பிடித்தால் காலத்தில் கொடுக்க வேண்டும்.

நோட்டுக் கணக்கை மட்டும் நம்ப வேண்டாம் என்று பையனிடம் போனை எடுக்கச் சொன்னேன். ஸ்லோ மோஷன் 240இல் வைத்து, மவுஸ் பட்டனும் திரையும் ஒரே காட்சியில் தெரிகிற மாதிரி டிஃபன் டப்பா மேல் சாய்த்து வைத்தோம். ஒவ்வொரு போன் ஃபிரேமும் 4.2 மில்லிசெகண்ட். பட்டன் அழுந்திய ஃபிரேமிலிருந்து துப்பாக்கி முனையில் வெளிச்சம் வந்த ஃபிரேம் வரை எண்ண வேண்டும். ஒரு தடவை எண்ணினால் போதாது, காத்திருப்பு கிளிக்குக்குக் கிளிக் மாறும். ஒவ்வொரு நிலைக்கும் பத்துத் தடவை எண்ணிச் சராசரி எடுத்தோம். (போனில் 960 என்று இருந்தால் அதைத் தொடாதீர்கள். சில போன்களில் அது நடுவில் படம் செருகிச் செய்தது.)

எதுவும் போடாமல் 17 ஃபிரேம். அப்ஸ்கேலிங் மட்டும் 13. இரண்டும் போட்டு 16. மில்லிசெகண்டில் சொன்னால் 71, 54, 67. என் கணக்கைவிட எல்லாமே கூடுதல், ஏனென்றால் கேமுக்குள் நான் எண்ணாத வேலைகள் இருக்கின்றன. வரிசை மட்டும் நோட்டில் இருந்ததுதான்.

இப்போது அவன் குவாலிட்டியில் வைத்து, ரிஃப்ளெக்ஸ் போட்டு, ஃபிரேம் ஜெனரேஷனை அணைத்து 65இல் ஆடுகிறான். நகரத்தில் காரோட்டிச் சுற்றுகிற நாட்களில் மட்டும் திரும்பப் போட்டுக்கொள்கிறானாம். நேற்று ராத்திரி ஒரு மெசேஜ்: "மாமா, சுடறது இப்ப சூப்பர். ஆனா மழை பெய்யறப்ப அந்த நூடுல்ஸ் கடை போர்டு எழுத்து மட்டும் இன்னும் வால் விடுது." அதற்கு வெக்டர் இல்லடா, கேமைச் செய்தவர்கள்தான் கொடுக்க வேண்டும் என்று பதில் போட்டேன்.